ஒரே வாய், ஒரே காது

என் கணவர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வேலை முடிந்ததும் மலாய்க்காரர், சீனர், தெலுங்கர் என்று யாரையாவது நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார். எல்லோர் பேச்சிலும் ஆ, ஈ, ஊ இருக்கிறது, ம, ப, த, க இருக்கிறது. அதனால் எல்லா மொழியும் தமிழின் பிள்ளைகள் என்று புத்தகம் எழுதி வந்தார்.

முடிந்ததும், லண்டனில் மொழிகளின் ஒலியைப் படித்து வந்த சிநேகிதரிடம் காட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“கோவியாதை மச்சான்,” என்றார் அவர். “ஆவுக்கு வாய் திறக்கும், ஈக்கு நாக்கு முன்னுக்குப் போகும், ஊவுக்குப் பின்னுக்கு. மூண்டும் தூரத் தூர நிக்கிறதால காது குழம்பாது. அதுதான் அனேகமா எல்லா மொழியிலயும் இருக்கு. கன உயிரெழுத்தை நெருக்கி வைச்சா ஒண்டோடொண்டு மாறிப்போகும். ம, ப, த, கவும் லேசாச் சொல்லலாம், தெளிவாக் கேக்கும். எல்லா வீட்டுக்கும் வாசல் இருக்கு, அதுக்காக எல்லாரும் ஒரே குடும்பமோ?”

“அப்ப ழ?” என்றார் என் கணவர்.

“அது அபூர்வம். அது மலாய்ப் பேச்சில இருந்தாலாவது யோசிக்கலாம். இருக்கோ?”

இவர் தலையாட்டினார், இல்லையென்று.

சிநேகிதர் தேத்தண்ணி குடித்துவிட்டு வருத்தத்தோடு போனார். “அவன் சொல்றது சரியப்பா,” என்றார் இவர் என்னிடம். “இத்தனை வருசமும் நான் வாசலைத்தான் எண்ணியிருக்கிறன்.”

மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டால் நேரே வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். சாகும்வரை அப்படித்தான்.