அப்பா சோதித்துப் பார்த்த பேட்டரி

பரிசோதகர் அம்மாள் திரையில் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "உங்க பக்கத்துல ஏதோ கத்துதே மேடம். கோழிக்குஞ்சா?"

கோழிக்குஞ்சு இல்லை. மேசைக்கு அடியில் இருந்த யுபிஎஸ் பெட்டி. மின்சாரம் நின்றுவிட்டது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு நொடிக்கு ஒரு தடவை, ஊசியால் குத்துவதுபோல ஒரு பீப். சத்தத்தை அடக்கும் பொத்தானைத் தேடி அவள் பெட்டியைத் தடவினாள். மலிவு விலைப் பெட்டிக்கு அப்படி ஒரு பொத்தானே கிடையாது. திரையில் அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். இரண்டாவது சோதனையும் போனது. மூன்றுதான் மொத்தம். மூன்றாவதிலும் தோற்றால் ஒரு வருடம் விண்ணப்பிக்கவே முடியாது.

அவள் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் மருத்துவரிடம் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். மருத்துவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். பதினாறு வருடம் ஒரே மருத்துவமனையில், ஒரே நாற்காலி. போன மாதம் அந்த நாற்காலியைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு திரையை வைத்தார்கள். இனி மொழிபெயர்ப்பாளர் வரவேண்டியதில்லையாம், வீட்டிலிருந்தே திரையில் வரலாமாம். அந்தத் திரைக்குள் ஆள் அனுப்பும் நிறுவனம்தான் இந்தச் சோதனையை வைக்கிறது. அதாவது, தன் பழைய நாற்காலியில் உட்காரவே அவள் பரீட்சை எழுதவேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. காது கேளாத அப்பா சைகையில் அவளுக்கு வைத்த பெயரே 'புருவம்'. பிறந்த குழந்தை முதல் நாளே புருவத்தைச் சுருக்கி அவரை முறைத்ததாம். ஆள்காட்டி விரலால் புருவத்தின் மேல் ஒரு இழுப்பு. அவ்வளவுதான் பெயர்.

முதல் சோதனையில் தோற்றது நெட்டுக்காரரால். அவளிடம் இரண்டு இணைப்புகள் இருந்தன. ஒன்று செத்தால் இன்னொன்று என்று கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வேறு நிறுவனங்களிடம் வாங்கியவை. சோதனையின் நடுவே கட்டடத்துக்கே மின்சாரம் போனது. யுபிஎஸ் அப்போது வாங்கவில்லை. ரவுட்டருக்கு மட்டும் உள்ளங்கை அளவு பேட்டரி ஒன்று இருந்தது. ரவுட்டரில் விளக்குகள் எரிந்தன. இணையம் மட்டும் இல்லை. இரண்டிலும் இல்லை.

நெட்டுக்காரர் மறுநாள் வந்து, "உங்க லேப்டாப்புலதான்க்கா ஏதோ கோளாறு" என்றார்.

அவள் சன்னல் வழியாக வெளியே போன இரண்டு கம்பிகளையும் விரலால் தொட்டபடியே மாடிப்படி ஏறினாள். நீலக் கம்பி, சாம்பல் கம்பி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் இரண்டும் ஒரே தகரப் பெட்டிக்குள் நுழைந்தன. அந்தப் பெட்டியின் பிளக், படிக்கட்டு விளக்கின் சாக்கெட்டில் சொருகியிருந்தது.

"இது என்ன தம்பி?"

"அது சும்மா… ஒரு ஸ்விட்ச்சுக்கா. இங்கருந்துதான் எல்லா வீட்டுக்கும் பிரியுது."

"ரெண்டு கம்பெனின்னு சொன்னீங்க."

"கம்பெனி ரெண்டுதான்க்கா. பொட்டிதான் ஒண்ணு."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். கீழே இரண்டாவது மாடியில் யாரோ, "டேய், நெட்டு போச்சுடா" என்று குரல் கொடுத்தார்கள்.

"அப்ப எனக்கு நீங்க வித்தது ரெண்டு இணைப்பு இல்ல. ஒரே இணைப்பை ரெண்டு ரசீதுல வித்துருக்கீங்க."

நெட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "பில்டிங்ல கரண்ட்டு போகும்னு யாருக்கா நினைச்சா."

"நான் நினைச்சேன். அதுக்குத்தான் ரெண்டு வாங்கினேன்."

அன்றே சாம்பல் கம்பியை அவிழ்த்து எடுக்கச் சொன்னாள். பதிலுக்கு வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை வாங்கிப் பழைய கைபேசியில் போட்டாள். வீட்டின் ஐந்து சன்னல்களிலும் வைத்து வேகம் பார்த்தாள். நான்கில் திரையில் கை ஓவியம்போல உறைந்து நின்றது. குளியலறைச் சன்னலுக்கு அடுத்த மூலையில் மட்டும் விரல் விரலாகத் தெரிந்தது. அந்த மூலைதான் பணியறை என்று முடிவானது. கைபேசியை நேராக லேப்டாப்பில் கம்பியால் இணைத்தாள். காற்றில் விட்டால் சுவர் தின்றுவிடுகிறது.

வெளிச்சம் அப்பாவின் பொறுப்பு. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிப் பிழைத்தவர். ஓடும் மோட்டாரின் மேல் கை வைத்தே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்வார். கைகளைப் பார்த்தே வாழ்நாள் முழுக்கப் பேச்சைக் கேட்டவர். அவர் அடுத்த அறையில் கைபேசியில் அவளைப் பார்ப்பார். அவள் எழுத்தெழுத்தாக விரல் காட்டுவாள். தலைக்கு மேலிருந்த குழல்விளக்கை முதலில் அணைக்கச் சொன்னார், கண்ணுக்குக் கீழே குழி விழுகிறதாம். முன்னால் இடமும் வலமும், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டு ஒன்பது வாட் பல்புகளைக் கவ்வியில் மாட்டினார். பல்புக்கும் அவளுக்கும் நடுவே சட்டத்தில் ஒட்டிய ட்ரேசிங் தாள். பின்னால் கருநீலச் சாயம் தோய்த்த படுக்கை விரிப்பு, நிழல் விழாதபடி மூன்றடி தள்ளி.

"ஒரு பல்பு மஞ்சள், ஒண்ணு வெள்ளை. உன் முகம் பாதி காமாலை மாதிரி இருக்கு. மாத்து," என்றார் கையால்.

மாற்றினாள். அடுத்ததாக செகண்ட் ஹேண்ட் கடையிலிருந்து யுபிஎஸ்ஸும் அவரே வாங்கி வந்தார். புது பேட்டரி போட்டார். அவள் வேலை தேடி வெளியே போயிருந்த பகலில் மெயினை அணைத்துவிட்டு லேப்டாப், இரண்டு பல்பு, ரவுட்டர் எல்லாவற்றையும் ஓட்டிக் கடிகாரம் பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம். நிறுவனம் கேட்டது பத்துதான். அவள் வந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இருபத்திரண்டு நிமிடமும் அந்தப் பெட்டி கத்தியிருக்கிறது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அதனால்தான் இரண்டாவது சோதனை முடிந்து வெளியே வந்தபோது அவளுடைய கைகள் காற்றைக் கிழித்தன. "உங்களுக்குக் கேக்காதுல்ல? அப்புறம் ஏன் நீங்களே சோதிச்சீங்க? நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா?"

வாயால் சொல்லியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். கையால் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் அவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது.

அப்பா முதலில் புரியாமல் பார்த்தார். "பெட்டி அதிருது. நல்லா ஓடுதுன்னு நினைச்சேன்."

"கத்துது. பீப், பீப்னு. நாற்காலியை நீங்க இழுத்ததும் கேட்டுச்சு. கதவும்தான்."

"நாற்காலியா?"

அவள் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. "நாற்காலி, கதவு, தாழ்ப்பாள், செருப்பு, நீங்க தட்டைக் கழுவி வைக்கிறது. எல்லாம் சத்தம். கீழ் வீட்டுக்காரர் தினம் கம்பால கூரையைத் தட்டுறார்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எத்தனை வருஷமா?"

"நாம இங்க வந்ததுலருந்து."

"பதினோரு வருஷம். படிக்கட்டுல பாக்குறப்பல்லாம் முறைப்பாரு. என்னோட சைக்கிள் மேல பொறாமைன்னு நினைச்சேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"ஊர்ல இருக்கறவங்க சொல்றதையெல்லாம் எனக்குச் சொல்றதுதான் உன் வேலை. சம்பளம் வாங்கிட்டு யார் யாருக்கோ சொல்ற. என் வீட்டுத் தரையை ஒருத்தன் கீழருந்து தட்டுறதை மட்டும் என்கிட்ட மறைச்சிருக்க."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு…"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டில் அதுதான் கதவை அறைந்து சாத்துவது. பார்க்காதவரிடம் பேச வழியில்லை. இரண்டு நாள் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் முன்னால் போய் நின்றால் செய்தித்தாளை உயர்த்தினார். அவளுக்கும் வீம்பு. போகட்டும் என்று விட்டாள். மனசுக்குள் மட்டும், தப்பு செஞ்சவரு அவரு, கோபம் மட்டும் அவருக்கா என்று குமைந்தாள். அடுத்த சோதனைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது அப்பா கைபேசியைக் கையில் ஏந்தி, அறை அறையாக நடந்துகொண்டிருந்தார். திரையில் ஒரு முள் துள்ளியது. சத்தத்தை அளக்கும் செயலி. நாற்காலியை இழுத்தார், முள் சிவப்புக்குப் பாய்ந்தது. தாழ்ப்பாளைப் போட்டார், பாய்ந்தது. சத்தமில்லாத ஆள் என்று தன்னை நினைத்திருந்தவருக்கு ஒவ்வொரு பாய்ச்சலும் அறைபோல விழுந்திருக்கவேண்டும். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆனாலும் எதையும் விட்டுவைக்கவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி நாற்காலிக் கால்களுக்கு மாட்டினார். தாழ்ப்பாளுக்கும் கதவு நிலைக்கும் அதே டியூப். சுருட்டிய பழைய போர்வையைப் பணியறைக் கதவின் அடியில் திணித்தார்.

கடைசியில் யுபிஎஸ். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் சும்மா விட்டார். பிறகு மூடியைத் திறந்தார். நடுவில் துளையோடு, சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாய் ஒன்று இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, இரண்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவளைப் பார்த்தார்.

"இதுவா கத்துறது?"

"இதுவாத்தான் இருக்கும்."

"இவ்ளோதான் இருக்கு."

சால்டரிங் கோலால் ஈயத்தை உருக்கி அதை எடுத்தார். அந்த இடத்தைச் சும்மா விடவில்லை. ரெசிஸ்டர் ஒன்றைக் கோர்த்து, சின்னச் சிவப்பு எல்இடி விளக்கைப் பற்றவைத்து, நீளமான கம்பியில் மேசையின் மேலே கொண்டுவந்தார். மூடியை முடுக்கிய பிறகுதான் மெயினில் சொருகி, அணைத்துப் பார்த்தார்கள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. விளக்கு எட்டு நொடிக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. இருபது நிமிடம் ஆனதும் படபடவென்று சிமிட்டியது.

"அப்படின்னா சாகப்போகுதுன்னு அர்த்தம்," என்றார் அப்பா. "அதுக்குள்ள பேச்சை முடி."

இந்த முறை சோதித்துப் பார்த்தது இருவரும். அவர் விளக்கைப் பார்த்தார், அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

மூன்றாவது சோதனை வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. அதே பரிசோதகர் அம்மாள். வெளிச்சம், பின்திரை, விரல் எழுத்து, ஒரு நிமிட மௌனப் பதிவு. கதவுக்கு வெளியே அப்பா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"மெயின் லைனைக் கழட்டுங்க."

நீலக் கம்பியைக் கழற்றினாள். படம் ஐந்து நொடி உறைந்தது. அந்த ஐந்து நொடியில் நெட்டுக்காரரின் பரம்பரையையே மனதில் திட்டித் தீர்த்தாள். கைபேசி பிடித்துக்கொண்டது.

"இப்ப கரண்ட்டை ஆஃப் பண்ணுங்க."

சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பத்து நிமிடம் நிறுவனத்து ஆட்கள் இருவர் திரையில் மருத்துவரும் நோயாளியுமாக நடிக்க, அவள் மொழிபெயர்த்தாள்.

"பேட்டரியிலதான ஓடுது? போன தடவை கத்துச்சே."

"கத்துறதை எடுத்துட்டோம் மேடம். இப்ப சிமிட்டும்."

"யார் செஞ்சது?"

"எங்கப்பா. போன தடவை பேட்டரியைச் சோதிச்சவரேதான்."

அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அழைப்புகள் வரும், முதல் வாரம் அந்த மருத்துவமனை என்றார். தன் பழைய நாற்காலியைத் தனக்கே கொடுத்ததற்கு நன்றி சொல்ல நாக்கு எழவில்லை. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது அப்பா வெறுங்காலோடு நடுக்கூடத்தில் நின்றிருந்தார். நாற்பது நிமிடமாக அதே இடத்தில். அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அவர் தலையசைத்தார், சிரிக்கவில்லை.

"இனிமே எதையும் மறைக்கக் கூடாது. எது கேட்டாலும் சொல்லணும்."

"சொல்றேன்."

"வேலை நேரம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

அவர் டியூப் மாட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே முக்காலியைக் காலால் இழுத்து, தரை முழுக்கத் தேய்த்துக்கொண்டு போய், அதில் தொப்பென்று உட்கார்ந்தார். கீழிருந்து கம்பு மூன்று முறை தட்டியது.

அவள் கைகளை உயர்த்தினாள். "கீழ் வீட்டுக்காரர் தட்டுறார். மூணு தடவை. கோபமாத்தான்."

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, உள்ளங்கையை அதன் மேல் பதித்து, அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தார்.