பூவிழி நண்டைத் தொடாத ஐந்து மாதம்

பூவிழியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அவளுக்கு நடந்ததை முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் பாதியைச் செய்தவனும் நான்தான்.

மீஞ்சூர் பக்கம் நண்டு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். பேர் தௌஃபீக், ஊர் பழவேற்காடு. பூவிழி எங்கள் கொள்முதல் சூப்பர்வைசர். ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் துளசிங்கத்தின் மகள். நண்டின் அடிவயிற்றைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, சதை பிடித்ததா தண்ணி நண்டா என்று சொல்லிவிடுவாள். ஒன்பது வருஷத்தில் அவள் தேர்ந்த பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் சம்பளத்தை உயர்த்தத்தான் யாருக்கும் கை வரவில்லை.

பழவேற்காட்டிலேயே புதிதாக ஒரு நண்டுக் கம்பெனி வந்தது. கொள்முதல் தலைமைப் பொறுப்பு, ஒன்றரை மடங்கு சம்பளம் என்று அவளைக் கூப்பிட்டார்கள். ஜூன் முதல் தேதி ராஜினாமாக் கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தாள். ஸ்வீட் பாக்ஸும் கொண்டுவந்திருந்தாள், பைத்தியக்காரி.

எங்கள் மேனேஜர் மோகன்குமாருக்கு முகம் சுண்டிப்போனது. "இவ போனா குப்பத்து நண்டெல்லாம் பின்னாலேயே போயிடும். இன்னிக்கே கேட்டை மூடு. அக்ரிமெண்ட்ல இன்னா இருக்குனு பாரு" என்றார்.

பார்த்தேன். டைப் அடித்ததே நான்தானே. நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் வேலைக்கு வராமல் வீட்டிலேயே இருக்கச் சொல்லக் கம்பெனிக்கு உரிமை உண்டு, அதற்குப் பேர் கார்டன் லீவ். வேலையை விட்ட பிறகு ஒரு வருஷம் நண்டு வியாபாரத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது, அது நான்-கம்பீட். எதற்கும் கேட்டுவிடலாம் என்று கம்பெனி வக்கீலுக்கு மெயில் போட்டேன். பதில் சாயங்காலமே வந்தது.

நோட்டீஸ் காலத்தில் அவர் இன்னும் உங்கள் ஊழியர். வீட்டில் உட்கார வைத்தாலும் முழுச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அதுவரை வேறு இடத்தில் சேராதே என்று தடுக்கலாம். விலகிய பிறகு போடும் ஒரு வருஷத் தடை ஒப்பந்தச் சட்டம் இருபத்தேழாம் பிரிவின்படி செல்லாது. சம்பளம் கொடுத்தால் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள், கொடுத்தாலும் செல்லாது. கம்பெனி ரகசியங்களை வெளியே சொல்லாதே என்று மட்டும் கேட்கலாம். இவ்வளவுதான் மெயில்.

மோகன்குமார் படித்துவிட்டு போனை என்னிடம் தள்ளினார். "ரெண்டு மாசச் சம்பளத்தைக் கரெக்டா போட்ரு. மத்தது நமக்குள்ள இருக்கட்டும். அவ இன்னா கோர்ட்டுக்கா போகப் போறா?"

நானும் தலையாட்டினேன். எனக்கும் வீடு இருக்கிறது, மனைவி நுஸைபா இருக்கிறாள், பிள்ளைகளுக்கு ஃபீஸ் இருக்கிறது.

ஜூன், ஜூலைச் சம்பளம் சொன்ன தேதியில் அவள் கணக்கில் ஏறியது. அதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம். சம்பளத்தை ஒழுங்காகப் போடுகிறவன் ஒரு வருஷத் தடையையும் ஒழுங்காகத்தான் சொல்வான் என்று அவள் நம்பினாள்.

ஆகஸ்ட் கடைசியில் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தாள்.

"பாய், இந்த மாசம் சம்பளம் ஏறலையே?"

"உன் கணக்கு ஜூலையோட முடிஞ்சிடுச்சும்மா. இப்ப நடக்குறது தடை வருஷம். அதுக்குச் சம்பளம் கிடையாது."

"வீட்டுல உக்காருன்னதுக்குக் குடுத்தாங்க. இப்பவும் உக்காருன்னுதான சொல்றாங்க? அப்ப ஏன் இல்ல?"

சரியான கேள்வி. சட்டம் படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி. வக்கீலின் மெயில் என் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருந்தது. நான் சொன்னது இது: "கையெழுத்து போட்டுட்டியேம்மா."

அந்த வார்த்தை அவளுக்குப் போதும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஊர் அப்படி. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வார்கள்; அதைப் பாடு என்பார்கள். ஒருமுறை அடுத்தவனுடைய பாடு நாளில் துளசிங்கம் வலை இறக்கிவிட்டார். ஒரு மாதம் ஏரியில் இறங்காதே என்றது ஊர். காவலுக்கு யாரும் நிற்கவில்லை. ஒரு மாதமும் அவர் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் இவள்.

புதுக் கம்பெனிக்காரர்களிடமும் அவளே போய்த் தடையைச் சொல்லியிருக்கிறாள். எங்களுக்கு வம்பு வேண்டாம், முடிந்த பிறகு வா என்றார்களாம்.

டிசம்பரில், மழை விட்ட ஒரு காலையில், பஸ் காட்டூரைத் தாண்டும்போது பார்த்தேன். நாற்று நடுகிற பெண்கள் வரிசையில் பூவிழி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழக்கமில்லாத சேற்றில் தடுமாறிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். மரியாதையாகக் கையசைத்தாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். துளசிங்கம் வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், வீங்கிய விரல்களோடு, தனியாக. நாலடி தள்ளி பூவிழி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீ கூட பிரிக்கலாம்ல?" என்றேன்.

"மறைமுகமாகவோன்னு போட்டிருக்கே பாய். நைனா நண்டும் யாவாரத்துக்குத்தான போவுது? அஞ்சு மாசமா தொடல."

சொந்த அப்பாவின் வலையையும் அவள் தொடவில்லை. நான் டைப் அடித்த ஒரு சொல்லுக்காக. போனை எடுத்து அந்த மெயிலை வரி வரியாகத் தமிழில் படித்தேன். படித்து முடித்ததும் துளசிங்கம் பிரிப்பதை நிறுத்தினார்.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள் பூவிழி.

"நீ ஸ்வீட் குடுத்த அன்னிக்கு."

"கேட்டாண்ட நின்னு கேட்டேனே. அப்ப தெரியுமா?"

"தெரியும். மன்னிச்சிடும்மா. பயந்துட்டேன்."

அவள் எழுந்து வந்து வலையருகே உட்கார்ந்தாள். ஒரு நண்டைப் பிரித்து, புரட்டி, கட்டை விரலால் அழுத்தினாள். "தண்ணி" என்று ஏரியில் வீசினாள். அடுத்ததை எடுத்தாள். பத்துப் பன்னிரண்டு நண்டு போன பிறகுதான் என்னிடம் பேசினாள்.

"அந்தப் புதுக் கம்பெனிக்கு ஃபோன் போடு."

ஒன்பது வருஷமாக நீங்க என்றவள் போடு என்றாள். போட்டேன், ஸ்பீக்கரில். தடை எதுவும் கிடையாது, பூவிழி எப்போது வேண்டுமானாலும் சேரலாம், சட்டம் அப்படித்தான் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் வருத்தப்பட்டார். தலைமைப் பொறுப்புக்கு அக்டோபரிலேயே நெல்லூர்க்காரர் ஒருவரைப் போட்டாயிற்றாம். அவருக்குக் கீழே தரம் பார்க்கும் இடம் ஒன்று காலியாக இருக்கிறதாம், சம்பளம் அவள் எங்களிடம் வாங்கிய அளவுதான். பூவிழி கண்ணை மூடித் திறந்து தலையசைத்தாள். நாளைக்கே வருவாள் என்றேன்.

"சரி சார். எங்க எம்.டி. கேப்பார். தடை இல்லைன்னு யார் சொன்னாங்கன்னு எழுதிக்கணும். நீங்க யார் பேசுறது?"

என் வேலை, மோகன்குமார், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. தெரிந்தவர் என்று சொல்லி வைத்துவிடலாம். பூவிழி நண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேரச் சொல்லு" என்றாள். "கம்பெனி பேரும் சேத்துச் சொல்லு."

சொன்னேன்.