ஓர் அங்குலம்

1948, ஜூன் 14, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. வானத்தில் மேகமில்லை. மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் மேல்காற்று என்றால் மழை வராது, மண்தான் வரும். ஸ்டுடியோவின் மூன்று சன்னல்களையும் சாத்திவிட்டு, இடுக்குகளில் ஈரத்துணி திணித்துவிட்டு உட்கார்ந்தேன். காயாத படத்தில் ஒரு மணல் ஒட்டினால் அந்தப் படம் போயிற்று.

மேசையில் இருந்தது என் கல்யாணப் படத்தின் கண்ணாடித் தகடு. அரைப் பிளேட்: அகலம் ஆறரை அங்குலம், உயரம் நாலேமுக்கால். நான் அந்த ஸ்டுடியோவில் ஆறு வருடமாக டச் வேலை செய்துகொண்டிருந்தேன். தகட்டில் பென்சிலால் முகங்களைச் சரிசெய்வதும், காய்ந்த படங்களை அளவுக்கு வெட்டுவதும் என் பொறுப்பு. வெட்டுக் கத்தியின் பிடி என் கைக்குப் பழகிப்போய்விட்டது. ஊரார் படங்களில் எத்தனை தோரணம், எத்தனை வாழைமரம், எத்தனை பேரின் முழங்கை அதில் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

என் படத்தில் இருபது பேர். கீழே பாயில் நாலு குழந்தைகள், நாற்காலியில் ஐந்து பேர், பின்னால் நிற்பவர்கள் பதினொரு பேர். நிற்கும் வரிசையின் இடது கோடியில் என் அக்கா. வலது கோடியில் மாமனாரின் அண்ணன். ஆறுமுகநேரியில் உப்பளம் வைத்திருந்தவர்; மாமனார் குடும்பமும் அவர் வீட்டிலேயே இருந்தது. எனக்குப் பெரியமாமா. கேமராவை நிறுத்தி ஆளெல்லாம் அசையாமல் நின்ற பிறகு, வில்வண்டியிலிருந்து இறங்கி வந்து அந்தக் கோடியில் கைத்தடியோடு நின்றுகொண்டார்.

அக்கா நின்றது வேறு விதம். அவள் இருபத்திரண்டு வயதில் தாலி அறுத்தவள். பருத்தி ஆலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கி என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தாள். கல்யாணத்தன்று பந்தலுக்கு வெளியே, சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். படம் எடுக்கும்போது நானே போய்க் கூப்பிட்டேன்.

“நான் எதுக்குலே அங்கன? பொண்ணு வீட்டுக்காரவ என்னமும் சொல்லுவாவ.”

“ஓரமா நில்லு. ஓரமா நின்னாலும் படத்துல இருப்பே. அதுக்கு நான் பொறுப்பு.”

“நீ பொறுப்புன்னா சரிதான்” என்று சிரித்தாள். அடுப்புக்கரி பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளில் அந்தக் கையை வைத்து நின்றாள். அதுவரை அவள் எந்தப் படத்திலும் நின்றதில்லை.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நாலுக்கு ஆறு அளவில் ஏழு படம் போட்டாயிற்று. அதில் தொல்லை இல்லை. ஆறரை அங்குலத்தைச் சற்றே சுருக்கி ஆறாக்கினால் அகலம் முழுதும் அடங்கிவிடும். உயரத்தில்தான் அரை அங்குலத்துக்குள் ஏதோ மிஞ்சும். மேலே கொஞ்சம் தோரணத்தையும் கீழே குழந்தைகளின் கால்விரல்களையும் வெட்டினேன். இருபது முகமும் இருந்தன, பாசிப்பயறு அளவில்.

தொல்லை பெரிய படத்தில் வந்தது. பெரியமாமா எங்களைக் கேட்காமலே தேக்கில் சட்டம் செய்து, கண்ணாடியும் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். எட்டுக்குப் பத்து. படத்துக்கு முன்னால் சட்டம் வாங்குகிறவர்களை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் எனக்குச் சொந்தமில்லை. நாலேமுக்காலை எட்டாகப் பெரிதாக்கினால் ஆறரை கிட்டத்தட்டப் பதினொன்றாகிவிடும். காகிதமோ பத்து. ஓர் அங்குலம் போயாக வேண்டும். பதினொரு அங்குலத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு ஓர் அங்குலம்.

“அகலத்தைப் பத்துக்குள்ள அடக்கிட்டு, மேலயும் கீழயும் வெள்ளையா விட்டுரலாம், பெரியமாமா” என்று சொல்லிப் பார்த்தேன்.

“வெள்ளையா விடுததுக்கா காசு வாங்குதிய? காகிதம் நிறையப் போடுங்க மாப்ளே. சட்டத்தைப் பாத்தியளா, பர்மா தேக்கு.”

இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் எடுக்கலாமா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அக்காவுக்கு முகத்தில் பாதி போகும், பெரியமாமாவுக்கும் பாதி போகும். பாதி முகத்தோடு சுவரில் தொங்குவதைவிடப் படத்தில் இல்லாமலே இருக்கலாம். ஒரு பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரம் யோசித்தேன். அந்தத் திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். பெரியமாமா போகட்டும். கேட்டால், வண்டியிலிருந்து பிந்தி வந்து காகிதத்துக்கு வெளியே நின்றுவிட்டீர்கள் என்று சொல்லிவிடலாம்.

படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை ஸ்டுடியோ முதலாளி அண்ணாச்சி தவிர யாரும் தொடக்கூடாது. நான் ஊரார் வீட்டுக் கல்யாணப் பெண்களுக்குச் செய்வதுபோல என் மனைவியின் கன்னத்துப் பருக்கள் இரண்டை மறைத்து முடித்தேன். தகடு டச் மேசையில் இருந்தபடியே பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் ‘இடது ஓரம் ஓர் அங்குலம் விட்டுவிடவும்’ என்று எழுதி, தகட்டு உறையில் செருகிக் கொடுத்தேன். அண்ணாச்சி இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிற்பகல் மூன்று ஐந்துக்குப் படம் கொடியில் தொங்கியது. பெரியமாமா கைத்தடியோடு முழுசாக நின்றார். அக்கா இல்லை. அந்தப் பெண்ணின் தோளில் நாலு விரல்கள் மட்டும் இருந்தன.

 தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் புரிந்தது. டச் செய்யும்போது பென்சில் பிடிப்பதற்காக தகட்டின் மருந்து பூசிய பக்கத்தை மேலே வைத்திருப்போம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். மேசையில் என் இடது கைப்பக்கம் நின்றவர் பெரியமாமா. காகிதத்தில் இடது பக்கம் நின்றவள் அக்கா. ஆறு வருடமாக அன்றாடம் நான் தகட்டைத் திருப்பிப் பார்த்து எழுதியிருக்கிறேன். அன்று திருப்பவில்லை.

“அண்ணாச்சி, இது பக்கம் மாறிப்போச்சி.”

“என்னத்தலே மாறிப்போச்சி? நீ எழுதுன சீட்டு இந்தா இருக்கு. இடதுன்னு போட்டிருக்கே, இடதத்தான் விட்டேன். இருட்டுல கருப்பு கருப்பா இருக்க மூஞ்சியில யாரு உன் அக்கா, யாரு உன் மாமன்னு எனக்கு எப்பிடிலே தெரியும்? காகிதம் ரெண்டே ரெண்டுதான் இருக்கு. அதுவும் கலெக்டர் ஆபீசு வேலைக்கு.”

நாலு மணிக்குப் பெரியமாமா வந்தார். படத்தைச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தேன். சட்டத்தின் விளிம்பு நாலு பக்கமும் கால் அங்குலம் மூடும். அந்த நாலு விரல்களும் அதற்குள் போய்விட்டன.

“ஆகா! நம்ம ஆளுவ எல்லாரும் இருக்கோம்!” என்றார்.

 படத்தில் அக்கா போய்விட்டாள் என்று சொன்னால், பின்னே யாரை வெட்ட நினைத்தீர்கள் என்று கேட்பார். படத்தை வில்வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து வீட்டில் அக்காவுக்கு நாலுக்கு ஆறு ஒன்றைக் கொடுத்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “நான் கருப்பா இருக்கேன்லா” என்றாள். பிறகு, “பெருசு ஒண்ணு அவுக வீட்ல மாட்டியிருக்காவளாமே. ஆடிக் கிருத்திகைக்குத் திருச்செந்தூர் போறப்ப இறங்கிப் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

அன்றிலிருந்து கிருத்திகைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் எண்ணுவேன். வழி ஒன்று இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு காகிதத்தில் போட்டால் எட்டும் பதினொன்றும் தாராளமாக அடங்கும், ஒருவரையும் வெட்ட வேண்டாம். சுற்றி மிஞ்சும் வெள்ளையில் கால் அங்குலம் சட்டத்தின் விளிம்புக்குள் போகும், மற்றதை வெட்டிவிடலாம். ஆனால் விளிம்புக்கு உள்ளே பதினொன்றுக்கு எட்டு தெரிகிற சட்டம் கடையில் கிடையாது. காகிதம் மதுரையிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. தச்சரிடம் அளவை எழுதிக் கொடுத்தேன்.

“இதென்ன, ஊருல இல்லாத அளவா இருக்கு?” என்று தச்சர் சிரித்தார். “எட்டுக்குப் பத்துன்னா நாலு கிடக்கு, எடுத்துட்டுப் போங்க.”

“பதினொண்ணு. ஒரு நூல் குறையப்படாது” என்றேன்.

இந்த முறை இருட்டறைக்குள் அண்ணாச்சியோடு நானும் நின்றேன். வெளிச்சம் காகிதத்தில் விழுந்தபோது நிற்கும் வரிசையில் தலைகளை விரலால் எண்ணினேன். பதினொன்று. “போதும்லே, கையை எடு, விரலும் படத்துல விழுந்துரும்” என்றார்.

கிருத்திகைக்கு நாலு நாள் முந்தி, ஞாயிற்றுக்கிழமை, புதுப் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் பஸ் ஏறினேன். ஆடிக்குப் பிறந்த வீட்டார் அழைத்துப்போயிருந்த என் மனைவி வாசலுக்கு வந்தாள். கூடத்துச் சுவரில் பர்மா தேக்கு பளபளத்தது.

“அதை இறக்கிட்டு இதை மாட்டணும். அக்கா வாரதுக்குள்ள” என்றேன்.

அவள் குரலைத் தணித்தாள். “மதினி புதன்கிழமையே வந்துட்டுப் போயாச்சே. உப்பு ஏத்த வந்த லாரியில கூட வந்தாவ. உங்ககிட்ட சொல்லலையா?”

“பாத்தாளா?”

“ரொம்ப நேரம் நின்னு பாத்தாவ. அந்த ஓரத்துல சட்டத்தைத் தொட்டுப் பாத்தாவ. பெறகு, மரம் நல்ல மரம்னு பெரியப்பாகிட்ட சொல்லிட்டு, மோர் குடிச்சிட்டுப் போயிட்டாவ.”

பெரியமாமா சத்தம் கேட்டு வந்தார். புதுப் படத்தைப் பார்த்தார். “மாட்டுன கல்யாணப் படத்தை இறக்கப்படாது மாப்ளே. ஆகாது. இதை உங்க வீட்ல மாட்டிக்கிடுங்க” என்று முடித்துவிட்டார். வேட்டியை மறுபடி சுற்றி, அதே பஸ் திரும்பும்போது ஏறினேன். வழி முழுவதும் சட்டத்தைத் தொடையில் நிறுத்திப் பிடித்திருந்தேன்.

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் வைத்தேன். முதலில் இடது கோடியைப் பார்த்தாள்.

“அங்கன என்னைய வெட்டுனது யாரு? அவுகளா, நீயா?”

“நான்தான். அவரை வெட்டப் பாத்தேன். தகட்டைத் திருப்பிப் பாக்காம எழுதிட்டேன்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “ஏலே, அவரை நீ வெட்டியிருந்தேன்னா ஆடி கழிஞ்சி உன் பொண்டாட்டிய அனுப்பியிருப்பாவளா? கூறுகெட்டவனே.”

“உன்கிட்டப் பொறுப்புன்னு சொன்னேன்லா.”

“சொன்னே. நான் அதத்தான் அங்கன நின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இவன் வேணும்னு செஞ்சானா, தெரியாம செஞ்சானான்னு. நாலு நாளு கேக்கலாமா வேண்டாமான்னு கிடந்தேன்.” சேலையால் கண்ணாடியைத் துடைத்தாள். மண் படிந்திருந்தது. “ஆணி வச்சிருக்கியா? வாசலுக்கு நேரா வேண்டாம். அடுப்படிக்குப் போற நடையில மாட்டு. நான் போகையில வரையில பாப்பேன்.”

நான்கு நாள். அவள் புதன்கிழமை போய்வந்தது எனக்குத் தெரியாமல், நான் கிருத்திகையை எண்ணிக்கொண்டிருந்த அதே நான்கு நாள். ஒரே வீட்டில், ஒரே சோற்றுப்பானையில்.

அவள் சொன்ன இடத்தில் மாட்டினேன். இன்றும் அந்த நடையில்தான் இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் அந்த அளவில் இன்றும் கடையில் கிடைக்காது, வெட்டித்தான் வாங்க வேண்டும். காகிதம், சட்டம், கண்ணாடி, ஆறுமுகநேரி போய்வந்த பஸ், எல்லாமாகச் சேர்த்து எனக்கு ஆனது ஐந்து ரூபாய் பதினைந்து அணா.