படத்தை உள்ளேயே ஒட்டினேன்

எங்க சின்ன துரைக்கு, அதாவது உதவி மேனேஜருக்கு, ஒரு சட்டம் உண்டு. மெயிலுக்குள்ள படம் ஒட்டக்கூடாது. படம்னா அட்டாச்மென்ட்டாத்தான் போகணும், அதுதான் ஆபீஸ் முறை. உள்ள ஒட்டினா சந்தைக்கடை மாதிரி இருக்குதாம். இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல நான் இருபத்திரெண்டு வருஷமா கிராணி, அதாவது கணக்கெழுதுறவ. அவரு வந்து மூணு வருஷம்கூட ஆகல. இருந்தாலும் துரை துரைதானே, சரின்னு தலையாட்டிட்டேன். அப்படித் தலையாட்டினதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு அக்கா எங்க தோட்டத்துல மொத பொம்பள கங்காணி. இருபது பேரை கொழுந்து எடுக்க கூட்டிட்டுப் போற பொறுப்பு. மருந்து அடிச்ச பிளாக்குல இத்தனை நாளைக்குக் கொழுந்து எடுக்கக்கூடாதுன்னு கணக்கு இருக்கு. அந்தத் திங்கக்கிழமை சாயங்காலம், மழை வருதுன்னு பயந்து, சின்ன துரை பதினோராம் பிளாக்குல முன்கூட்டியே மருந்து அடிக்கச் சொல்லிட்டாரு. ஆனா நாளைக்கு எந்த பிளாக்குல வேலைன்னு எழுதுற போர்டுல மாத்தி எழுத மறந்துட்டாரு. செவ்வாய் காலைல ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுல போர்டுல பதினோராம் பிளாக்குன்னுதான் இருந்துச்சு. அக்கா ஆள்களை அங்கதான் கூட்டிட்டுப் போனா. வேற எங்க போவா?

சின்ன துரைக்கு ஞாபகம் வந்து வாட்ஸாப் குரூப்புல "பதினொண்ணுல எடுக்காதீங்க"ன்னு போட்டப்போ மணி ஒம்பது நாப்பத்தேழு. அந்தப் பள்ளத்துல லைன் கெடைக்காது. அக்கா அதைப் பார்த்தது கொழுந்து ஏத்த லோரி வந்து, மேல ரோட்டுக்கு ஏறின பிறகு, பன்னெண்டு மணிக்கு. அதுக்குள்ள மூணு பொம்பளைங்களுக்கு கையெல்லாம் அரிப்பு, எடுத்த கொழுந்து மொத்தமும் குப்பைக்கு. சின்ன துரை என்ன சொன்னாருன்னு நெனக்கிறீங்க? "நான் திங்கக்கிழமை சாயங்காலமே குரூப்புல சொல்லிட்டேன், கங்காணிதான் பார்க்கல." ஐயோடா சாமி, கூசாம சொன்னாரு.

மேனேஜர் பெரிய துரை அப்போ கோலாலம்பூர்ல. அக்காவை கங்காணி வேலைலேர்ந்து எடுத்துட்டு மறுபடி கூடையோட கொழுந்துக்கு அனுப்பலாமான்னு தலைமை ஆபீஸ்ல ஒரு மேடம்தான் முடிவு பண்ணணும். "உன்கிட்ட இருக்கிறதை அனுப்பு"ன்னு பெரிய துரை எனக்கு மெயில் போட்டாரு. வியாழக்கிழமை, செவ்வாய் காலைல எடுத்து வச்சிருந்த போர்டு படம் ஒண்ணு, குரூப் ஸ்கிரீன்ஷாட் ரெண்டு, மொத்தம் மூணையும் அட்டாச்மென்ட்டா வச்சு, "இணைப்பைப் பார்க்கவும்"னு ஒரு வரி எழுதி அனுப்பினேன். சட்டப்படி, சுத்தமா.

அடுத்த புதன்கிழமை ரிங்லெட் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு ஃபோனைத் திறந்தா மேடத்தோட முடிவு வந்திருக்கு: ஆதாரம் எதுவும் கெடைக்கல, வர்ற திங்கள்லேர்ந்து கங்காணி பொறுப்பு நீக்கம்.

ஆதாரம் இல்லையா? நான் அனுப்பினேனே! கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பெரிய துரை என் மெயிலுக்குப் பதில் எழுதும்போதுதான் மேடத்தைச் சேர்த்திருக்காரு. "பார்த்துச் சொல்லுங்க மேடம்" அவ்வளவுதான். அதுக்குக் கீழ என்னோட வரி, "இணைப்பைப் பார்க்கவும்". இணைப்பு எங்க? ஒண்ணும் இல்ல. பதில் எழுதினா அட்டாச்மென்ட் கூட வராது, கழண்டு போயிரும். ஃபார்வர்டு பண்ணினாத்தான் வரும். இருபத்திரெண்டு வருஷத்துல இதை நான் யோசிச்சதே இல்ல. பெரிய துரையாவது திறந்து பார்த்தாரான்னா, அதுவும் சந்தேகம்தான். ஃபோன்ல அவருக்குத் தெரிஞ்சது ஒரு கிளிப் அடையாளமும், வெறும் நம்பரா நீளுற மூணு ஃபைல் பேரும். கார்ல போற மனுஷன் அதையெல்லாம் ஒவ்வொண்ணா தொட்டுப் பார்ப்பாரா?

மறுநாள் காலைல சின்ன துரைகிட்ட போய் நின்னேன். "படம் மேடத்துக்குப் போகவே இல்ல சார், திரும்ப அனுப்பணும்."

"அட்டாச்மென்ட் அனுப்பிட்டீங்கள்ல? முடிஞ்சு போச்சுலா. விடுங்க."

"முடியல சார்."

"உள்ள கிள்ள ஒட்டி வைக்காதீங்க, அசிங்கமா இருக்கும்."

அசிங்கமாம்! யாருக்கு அசிங்கம்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே வாட்ஸாப் திறந்து, முழுத் திரையையும் பிடிச்சு மெயிலுக்குள்ள ஒட்டினேன். கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு இருந்துச்சு. நல்ல வேளை, மொதல்ல எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ஃபோன்ல திறந்தா அந்த அகலத் திரை மொத்தமும் ஃபோன் அகலத்துக்குச் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பு. இழுத்துப் பெருசாக்கலாம்தான். ஆனா அந்த மேடம் இழுக்கப் போறாங்களா? தொடாமலே தெரியணும். கண்ணை மூடினாத்தான் அதுலேர்ந்து தப்பிக்க முடியும், அப்படித் தெரியணும்.

அதனால என் ஃபோன்லயே குரூப்பைத் திறந்து புதுசா பிடிச்சேன். ஃபோன்ல பிடிச்சது ஃபோன் அகலத்துக்கே இருக்கும், சுருங்காது. மேலயும் கீழயும் வெட்டிட்டு, தேதி, சின்ன துரை பேரு, அந்த மெசேஜ், ஓரத்துல நேரம், இதை மட்டும் வச்சேன். மேல போர்டு படம், கீழ இது, ரெண்டுக்கும் நடுவுல ஒரே வரி: "ஆள்கள் ஏழரைக்கே வேலையில் இறங்கிவிட்டார்கள்." வெட்டி ஒட்டி ஏமாத்திட்டேன்னு நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக்கூடாதில்ல? வெட்டாத முழுப் படத்தை அட்டாச்மென்ட்டாவும் வச்சேன். திரும்ப எனக்கே அனுப்பிப் பார்த்தேன். மெயிலைத் தொட்ட உடனே ஒம்பது நாப்பத்தேழு மூஞ்சியில அடிக்கிற மாதிரி நின்னுச்சு. அப்புறம் எல்லாருக்கும் அனுப்பினேன். மேடம், பெரிய துரை, சின்ன துரை, ஒருத்தரையும் விடல.

பத்து நிமிஷத்துல சின்ன துரை என் மேசைக்கு முன்னால.

"யார் ஒட்டச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். நான்தான் ஒட்டினேன்."

"உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

"எடுங்க சார். அந்த மெயிலையும் படிக்கிற மாதிரி அனுப்புங்க."

எனக்கே ஆச்சரியம், எங்கேர்ந்து அந்த வாய் வந்துச்சுன்னு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் பதில் போட்டாங்க. சின்ன துரைக்குத்தான். "செவ்வாய், காலை 9.47. விளக்கம் தேவை. கங்காணி பொறுப்பில் தொடர்வார்." அவங்க பதிலுக்குக் கீழ என் மெயில், அதுக்குள்ள ரெண்டு படமும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கழண்டு போகல.

வேலை முடிஞ்சு அக்கா ஆபீஸுக்கு வந்தா. சேதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்துச்சு. சிரிப்பான்னு நெனச்சேன், சிரிக்கல. "காட்டு"ன்னா. என் ஃபோனைக் குடுத்தேன். நின்ன இடத்துலயே பார்த்தா. ஒரு நொடிகூட ஆகல.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்கா."

"இதைப் பார்க்கவா பத்து நாளு என்னை இருபது பேருக்கு முன்னால தலையக் குனிஞ்சு நடக்க வச்சீங்க?"

வச்சீங்கன்னுதான் சொன்னா, வச்சாங்கன்னு சொல்லல. அந்த ஆளு பேச்சைக் கேட்டு மொத மெயிலை அனுப்பினவ நான்தானே.