சட்டைப் பை வலது பக்கம்

மலேசியாவில், பத்து பகாட் ஊரில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் மேசையில் இருக்கிறேன். தைத்து வரும் ஆண்கள் சட்டையை விரித்து, காலர், பட்டன் பட்டி, பை, கைமடிப்பு என்று கண்ணை ஓட்டி, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்த வேலைக்கு வாய் தேவையில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே வருடங்கள் போய்விட்டன. அம்மாவும் போன பிறகு, வீட்டில் என்னோடு பேச டிவிதான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பேஸ்புக்கில் அவர் வந்தார்.

ஈப்போக்காரர், மனைவியை இழந்தவர், கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் இன்ஜினியர் என்று சொன்னார். ஐந்து போட்டோ இருந்தன. ஒன்றில் நீலச் சட்டையில், கோயில் வாசலில் நெற்றி நிறையத் திருநீற்றோடு நிற்கிறார். ஒன்றில் சின்னப் பெண் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார். ஒன்றில் பாதுகாப்புத் தொப்பியோடு சிரிக்கிறார். சினிமாக்காரர் அழகு இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று மெதுவாக விசாரிக்கத் தோன்றும் அழகு.

இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்தப் போட்டோக்கள் ஒவ்வொன்றும் அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. திருநீறு, பக்திமான் என்றது. குழந்தை, இரக்கமுள்ளவர் என்றது. தொப்பி, நிலையான வேலை என்றது. அந்த முகம் மற்ற எல்லாவற்றுக்கும் ஜாமீன் நின்றது. நல்ல முகத்தைப் பார்த்தால் மனசே நல்ல குணத்தையும் சேர்த்து எழுதிக்கொள்கிறது. கண் பார்த்ததை எவனும் பொய் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். போட்டோ பொய் இல்லைதான். அது யாருடையது என்பதில்தான் பொய் இருந்தது.

இவ்வளவு லட்சணமானவர் ஏன் என்னைத் தேடி வர வேண்டும் என்ற கேள்வி முதல் நாளே வந்தது. அதை நான் கேட்கவில்லை. கேட்டால், நான் அதற்குத் தகுதி இல்லாதவள் என்று நானே ஒத்துக்கொள்வது போல இருந்தது.

மூன்றாவது நாளே என் நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தன்னுடையதை அனுப்பினார். போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு கோயில் குருக்களிடம் போனேன். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருப்பதாகச் சொன்னார். போட்டோவையும் பார்த்து, "முகத்துல களை இருக்கும்மா," என்றார். அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். என் நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்துவதை எவரும் பார்த்து எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பொருத்தம் பார்க்க முதலில் நிஜமாகவே ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

என் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் அதிகம், மனசு வெள்ளை. கேன்டீனில் ஒருநாள் என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அலமாக்! யாருக்கா இது? ஆளு சும்மா கும்முன்னு இருக்காரு!"

"சத்தமா பேசாத."

"எண்ணெய் மேடையில வேலையா? நடுக்கடல்ல இஸ்திரி கலையாம நிக்கிறாரே, எப்படிக்கா? நம்ம சட்டையே ரெண்டு மணி நேரத்துல கசங்கிப் போவுது லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இந்தக் கணக்கு தொறந்தே நாலு மாசம்தான் ஆவுது. போட்டோவுக்குக் கீழ ஒரு மாமா, சித்தி, மச்சான் எவனாவது ஒரு வார்த்தை போட்டிருக்கானா? எங்க வீட்டுல நாயைப் போட்டாக்கூட நாப்பது பேரு வாழ்த்துவாங்க. மக என்ன வயசுன்னு சொன்னாரு?"

"ஒம்போது."

"இந்தப் புள்ளைக்கு நாலு இருக்கும். அஞ்சு வருஷமா ஒரு போட்டோகூட எடுக்கலியா? மூஞ்சி மட்டும் இருக்குக்கா. வாழ்க்கை இல்ல. வீடியோவுல பேசினாரா?"

"அங்க லைன் வீக்."

"மெசேஜ் போவுது, போட்டோ போவுது, மூஞ்சி மட்டும் போவாதா? சரி, மூணு வெரலைக் காட்டி இப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "என்னைச் சந்தேகப்படறீங்களா? உங்களை வேற மாதிரி நினைச்சேன்," என்று எழுதினார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் விடவில்லை. கோயில் வாசல் போட்டோவை எடுத்து, இணையத்தில் படத்தை வைத்துத் தேடும் இடத்தில் போட்டாள். அதே மாதிரி நீலச் சட்டை விற்கும் கடைகள் வரிசையாக வந்தன. அந்த முகம் எங்கேயும் வரவில்லை.

"பாத்தியா?" என்றேன். என் வாழ்நாளில் ஒரு சண்டையில் ஜெயித்தது அன்றுதான்.

"கெடைக்கலன்னா நல்லவருன்னு அர்த்தமாக்கா?" என்றாள். அதை நான் காதில் வாங்கவில்லை.

அந்த வாரமே அவர் ஒன்று கேட்டார். கம்பெனி சம்பளக் கணக்கை மாற்றுகிறதாம். எங்கள் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்ட, சம்பளத்தை என் கணக்குக்கே அனுப்பிவிடுகிறாராம். அவர் நண்பர் கோலாலம்பூரில் இருக்கிறார், அவர் எடுத்துக் கட்டுவார். கணக்கு எண்ணும், ஏடிஎம் கார்டும், ரகசிய எண்ணும் போதும். "நமக்குள்ள என்ன உன் காசு, என் காசு," என்று எழுதியிருந்தார். 'நமக்குள்ள' என்ற சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூரியர் கடையில் கார்டை உறையில் போட்டு அனுப்பினேன். ரகசிய எண்ணை ஒரு துண்டுத் தாளில் என் கையாலேயே எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை நீலச் சட்டைகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வந்தன. முதல் சட்டையை விரித்தேன். பை இடது நெஞ்சில். ஆண்கள் சட்டையில் இடது பக்கம்தான் மேலே ஏறி வரும், பட்டன் ஓட்டை அந்தப் பக்கம். இரண்டாவது சட்டை. மூன்றாவது. கை நின்றுவிட்டது.

அவர் சட்டையில் பை எந்தப் பக்கம்?

கழிவறைக்குப் போய் போனைத் திறந்தேன். பை அவருடைய வலது நெஞ்சில் இருந்தது. வலது பக்கம் மேலே ஏறியிருந்தது, பெண்கள் சட்டை போல. கைக்கடிகாரம் வலது கையில். இந்தப் போட்டோவை நான் குறைந்தது இருநூறு முறை பார்த்திருப்பேன். தினமும் ஆயிரம் சட்டையில் ஒரு நூல் பிசகினால் பிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை. கண் அந்த முகத்தைத் தாண்டிக் கீழே இறங்கவே இல்லை.

அப்போதும் அவருக்காக வாதாடினேன். சில போனில் தன்னைத்தானே எடுத்தால் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டுமே. ஆனால் இது தூரத்திலிருந்து வேறொருவர் எடுத்தது. அடுத்த படத்தில் இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருக்கிறது. அதிலும் பை வலது பக்கம். தொப்பி போட்டிருக்கும் படத்திலும்.

வெளியே வந்து பக்கத்து மேசைக்காரியின் கையைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்து அவள் ஒன்றும் கேலி செய்யவில்லை.

"படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க," என்றேன். "மறுபடியும் திருப்பித் தேடு."

போனிலேயே படத்தை இடம் வலமாக மாற்றி, முகத்தை மட்டும் பெரிதாக வெட்டித் தேடினாள். தேடுகிறவர்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் இப்படித் திருப்புவார்கள் போலிருக்கிறது. இந்த முறை உடனே வந்தது. அதே கோயில், அதே நீலச் சட்டை, பை இடது பக்கம். வேறு ஒரு நாட்டில் பல் டாக்டராக இருக்கிற ஒரு மனிதர். நூற்றுக்கணக்கான போட்டோக்கள். மனைவி இருக்கிறார். குழந்தை இப்போது வளர்ந்து பள்ளி உடுப்பில் நிற்கிறாள். தொப்பி போட்ட படம், அவருடைய புது வீடு கட்டும்போது எடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அறிவிப்பு: என் படங்களை யாரோ திருடிப் பெண்களை ஏமாற்றுகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள்.

அந்தப் படங்களில் அவர் தூங்கி வழிகிறார், தொப்பை தெரிகிறது, வாய் நிறையச் சோறோடு முறைக்கிறார். திருடியவன் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஐந்தை மட்டும் எடுத்திருந்தான்.

"அக்கா, வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"கார்டு."

"அய்யோ கடவுளே. எப்ப?"

சூப்பர்வைசரிடம் எனக்கு வயிற்றுவலி என்று அவளே சொன்னாள். உடுப்பு மாற்றும் அறையில் நின்று வங்கிக்கு அழைத்தேன். முன்பின் தெரியாதவரோடு போனில் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடையாள அட்டை எண்ணையே இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். கார்டு எங்கே என்று அந்தப் பெண் மலாயில் கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன். யாரிடம்? அவர் உங்களுக்கு என்ன உறவு?

அறை முழுக்க மற்றவர்களின் கைப்பைகளும் செருப்புகளும்.

"யாரும் இல்லை," என்றேன்.

கார்டை முடக்கிவிட்டதாகச் சொன்னாள். பிறகு, இன்று காலை உங்கள் கணக்குக்கு ஒரு தொகை வந்திருக்கிறது, தெரியுமா என்று கேட்டாள். ஒரு பெண்ணின் பெயரைப் படித்தாள். நம் ஆட்கள் பெயர்தான், தமிழ்ப் பெயர். அந்தப் பணம் இன்னும் எடுக்கப்படவில்லை. அதைத் தொடக் கூடாது, இன்றைக்கே போலீசில் புகார் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக்காரர் என்று உங்களைத்தான் பிடிப்பார்கள் என்றாள்.

"அந்தக் காசு அவங்களுக்குத் திரும்பப் போகுமா?" என்று கேட்டேன்.

"விசாரணைக்குப் பிறகுதான் தெரியும்," என்றாள்.

எனக்கு இருந்தது கைது பயம் மட்டும் இல்லை. எங்கேயோ ஒருத்தி இன்று காலை அந்தப் பணத்தைப் போட்டுவிட்டு, ரசீதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருப்பாள். அவளிடம் எந்த முகம் இருக்கிறதோ. அவளுக்கும் பொருத்தம் எட்டோ என்னவோ. அவள் பணம் போய்ச் சேர வேண்டிய வழியாக நான் இருந்திருக்கிறேன்.

போலீஸ் நிலையத்துக்குப் போட்டோவும் மெசேஜும் தாளில் வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரி சொன்னாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நகல் கடையில் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். கடைக்காரம்மா தாள்களை அடுக்கிக்கொண்டே கோயில் வாசல் படத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரராம்மா? நல்ல லட்சணமா இருக்காரே."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

"இல்லீங்க," என்றேன். "இவர் படத்தைத் திருடி என்னை ஏமாத்திட்டாங்க. இவரா வந்து யாராச்சும் பேசினா நம்பாதீங்க. சட்டைப் பையைப் பாருங்க, தப்பான பக்கம் இருக்கு."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, யாரோ ஒருவருடைய போட்டோவைத் தேடிப் பெரிதாக்க ஆரம்பித்தார். யாரென்று நான் கேட்கவில்லை. கைப்பைக்குள் என் போன் அதிர்ந்தது. 'சாப்பிட்டீங்களா?' என்று அவன் அனுப்பியிருந்தான். அந்தத் திரையையும் நகல் எடுத்துத் தரச் சொன்னேன்.