நாற்பது பேருக்கு ஒரு கிண்ணம்

பதினோரு வருடமாகப் பாத்திரம் தேய்த்ததில் அந்த ஓட்டல் சமையல்கூடத்தில் அவளுக்குப் பெயரே பாத்திரக்கா என்றாகிவிட்டது. இன்று அவள் சாலட் மேசையில் நின்றாள். மதிய விருந்துக்கு நாற்பது பேர். "சரியா வந்தா மேசை உனக்குத்தாம்மா. இல்லன்னா பழையபடி பாத்திரத் தொட்டிதான்" என்று தலைமைச் சமையற்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சுவரில் ஒட்டியிருந்த குறிப்பு நாலு பேருக்கானது: எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வினிகர் ஒன்று, உப்பு கால் டீஸ்பூன், கடுகு விழுது அரை டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினாள். வினிகர் பத்து மேசைக்கரண்டி, அதாவது நூற்றைம்பது மில்லி. அதில் இரண்டரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஐந்து டீஸ்பூன் கடுகு விழுதும் மிளகுத்தூளும் கலந்தாள். நானூற்றைம்பது மில்லி எண்ணெயை நூல்போல் மெல்லியதாக விட்டு அடித்தாள்.

அதே சமையல்கூடத்தில் சூப் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கொழுந்தன் வந்தான். கேட்காமலே கரண்டியை விட்டு நக்கினான்.

"அண்ணி, பல்லு கூசுது. விருந்தாளிங்க நம்மமேல கேஸ் போட்டுடுவாங்க. எண்ணெய் விடுங்க."

பதற்றத்தில் இன்னொரு நூற்றைம்பது மில்லியை ஊற்றிவிட்டாள். கரண்டியில் நக்கினால் இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கீரை இலையை நனைத்துக் கடித்தபோது அவள் கண்கள் கலங்கின. இலை வழுவழுவென்று, உப்பும் உறைப்பும் இல்லாமல் வாய்க்குள் கிடந்தது.

"நாம சாப்பிடப்போறது கரண்டியையா தம்பி? இலையைத்தானே? போங்க, உங்க சூப் வழியுது."

வழிந்துகொண்டுதான் இருந்தது. அவன் ஓடினான்.

எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. அவள் கணக்குப் போட்டாள். அறுநூறு எண்ணெய்க்கு இருநூறு வினிகர். இன்னும் ஐம்பது மில்லி வேண்டும். முக்கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பை அதில் கரைத்து, ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே விழுதும், விரல் நுனியில் கொஞ்சம் மிளகும் சேர்த்து அடித்தாள். மறுபடி ஓர் இலை. உயிர் வந்திருந்தது!

"அப்பாடா, மொத்தத்தையும் கொட்டுங்க அண்ணி" என்றான் அடுப்படியிலிருந்தே.

"சும்மா இருங்க தம்பி. சாறு பெருகினா இலையும் பெருகிடுமா?"

இலை நாற்பது பேருக்கு மட்டும்தான். எண்ணூறு மில்லியில் கால் பங்கைப் புட்டியில் எடுத்து வைத்தாள். பரிமாற ஐந்து நிமிடம் இருக்கும்போது மீதியைக் கீரைமீது ஊற்றி, இரண்டு கைகளாலும் குழந்தையைப் புரட்டுவதுபோல் புரட்டினாள்.

தலைமைச் சமையற்காரர் ஓர் இலையை மென்றார். பிறகு கிண்ணத்தைச் சாய்த்து அடியைப் பார்த்தார். சாறு குளம் கட்டியிருக்கவில்லை.

"அந்தப் புட்டி என்ன?"

"அதிகமாயிடுச்சு மாஸ்டர். கொட்ட மனசு வரலை."

"கொட்டாதே. ராத்திரி விருந்துக்கும் நீதான் கலக்குறே. அதுல பத்துப் பேருக்கு இந்தப் புட்டி போதும், மீதிப் பேருக்குப் புதுசாக் கலந்துக்கோ." நடந்துகொண்டே திரும்பினார். "தொட்டிக்கு வேற ஆள் பாக்கணும். சூப்பை வழியவிட்டவன் யாரு?"

கொழுந்தன் அடுப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டான். பாத்திரக்கா பதினோரு வருடத்தில் முதல்முறையாக, ஈரமில்லாத முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.