பைரவியின் அறைக்கு ஒரு பைப்

ஊர்காவற்றுறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு நான் கணநாதன், வயரிங்காரன். சுவர் பூசுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரசங்கம் வைப்பேன். "நெட் வயருக்குத் தனிப் பைப் போடுங்கோ. கரண்ட் பைப்பிலயிருந்து ஒரு சாண் தள்ளிப் போகோணும். பிறகு வயரைக் கட்டி இழுக்க உள்ளுக்கு நைலோன் கயிறு விட்டு வையுங்கோ, வாயை அடையுங்கோ, இல்லாட்டிச் சாந்து இறங்கிப்போடும்." கேட்காதவர்களோடு கோபித்துக்கொண்டும் வந்திருக்கிறேன். என் வாய்க்குக் குறைவில்லை.

கரம்பொனில் என் சொந்த வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது அந்தப் பெரிய மூளையெல்லாம் எங்கே போனதோ தெரியாது. நெட் லைன் வந்து இறங்குகிற முன் ஹோல் அலுமாரியிலிருந்து கனடாவில் இருக்கும் மகன் துஷ்யந்தனின் அறைக்கு இரண்டு பைப். அவன் அங்கிருந்து வீட்டைப் பார்க்கக் கேற்றடிக் கமராவுக்கு ஒன்று. டீவிக்கு ஒன்று. வேலை வடிவாக வந்திருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மேசன் சிவகுரு பூச்சுக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருக்கையில் மகள் பைரவி வந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குப் படிப்பிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். சிக்னலுக்காகச் சமையல் நடக்கிற குசினி வாசலில் கதிரை போட்டிருந்து படிப்பிக்கிறவள்.

"அப்பா, என்ர அறைக்கு நெட் பைப் எங்க?"

"ஹோலில ரவுட்டர் இருக்குத்தானே பிள்ளை. காத்தில வரும்."

"இந்தக் கல்லுச் சுவருக்குள்ளால வராது எண்டு புளியங்கூடல் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறது நீங்கள்தானே!"

சிவகுரு சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை.

"நீர் கலியாணம் முடிச்சு எங்கயாவது போற பிள்ளையெல்லே."

"போனது அண்ணை. இருக்கிறது நான். இங்க ஏலாதெண்டால் யாழ்ப்பாணத்தில அறை எடுத்துப் போறன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வராதவனின் அறைக்கு இரண்டு பைப் இறக்கியவன், வீட்டில் இருக்கிறவளை வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

"சிவகுரு, பூச்சை நிப்பாட்டும்."

"சாந்து குழைச்சாச்சு அண்ணை."

"குசினிக்குப் பூசும்."

மிச்சப் பைப் கைவசம் இல்லை. மகனின் சுவர் இன்னும் மூடப்படாததால் அங்கிருந்து ஒன்றைக் கழற்றினேன். பைரவியின் அறை வரை சுவரை வெட்டினேன். மூலைகளில் வயர் நசியாமல் இழுபட வேண்டுமே என்று பைப்பை அகலமாக வளைத்தேன். அதுவரை எல்லாம் சரி. வயர் வந்து முடிகிற பெட்டி எந்த இடத்தில்? ஊரெல்லாம் முதலில் கேட்கிற கேள்வியை என் மகளிடம் கடைசியில் கேட்டேன்.

"மேசையை எங்க வைக்கப் போறீர், பிள்ளை?"

அவள் சன்னலோரச் சுவரைக் காட்டினாள். அங்கே பென்சிலால் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு, ஒரு சின்னப் புள்ளடி. வேலை தொடங்கிய நாளிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிவகுரு போட்ட அடையாளம் என்று நினைத்திருந்தேன்.